வெள்ளிக்கிழமைச் சேமிப்பு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைராசி அப்படி. நரம்பே தெரியாத கிழவர்கள்கூட, “ஊசி பொண்ணு வரட்டும், அதுவரைக்கும் உக்காந்திருக்கேன்” என்று அடம்பிடிப்பார்கள். முப்பத்திரண்டு வயது. தனி வீடு, தனி சாவி, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வாழ்க்கை. ஊசிக்கு இருந்த ஒரே கவலை உடம்பு பெருத்துவிடுமோ என்பதுதான். ஒரே ஆசை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒயின்.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு நாளைக்கு இத்தனை கலோரி என்று போனில் ஒரு கணக்கு. வெள்ளிக்கிழமை காலையில் பால் சேர்க்காத காபி, மதியம் தண்ணீர், அவ்வளவுதான். மிச்சப்பட்ட கலோரி மொத்தமும் சாயங்காலத்துக்கு. கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தும். பசியில் கை நடுங்கினால், “இன்னும் நாலு மணி நேரம்தான்” என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். புத்திசாலிகள் செய்கிற முட்டாள்தனத்துக்குத்தான் மருந்தே கிடையாது.

கூடவே வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஆறு மணிக்கு வருவார்கள், ஏழரைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களை வழியனுப்பியது ஊசிக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு சனிக்கிழமை வெயில்தான்.

இடையில் வீட்டுக்குள் யாரோ வந்து போனார்கள்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். உப்பு டப்பா ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. துவைத்த துணியெல்லாம் மடித்து, கட்டிலில் அல்ல, குளியலறைத் தரையில் வரிசையாக அடுக்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை அடுப்பின் மேல் தீய்ந்துபோன பாத்திரம் இருந்தது. அவள் மணிக்கட்டில் ஒரு சூட்டுக் கொப்புளம், எப்படி வந்ததென்று தெரியாமல். திருடன் என்றால் எதையாவது எடுத்துக்கொண்டு போவான். இது எதையும் எடுக்கவில்லை. வீட்டு வேலை செய்துவிட்டுப் போகிறது.

பூட்டுக்காரரை வரவழைத்தாள். அவர் கதவை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“காலையில தாழ்ப்பாள் போட்டிருந்துச்சா?”

“ஆமா, நான்தான் திறந்தேன்.”

“அப்ப வெளியிலேர்ந்து யாரும் வரலம்மா. உள்ளேர்ந்து போடுற தாழ்ப்பாளை வெளிய நிக்கிறவன் எப்படி போடுவான்?” அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. புதுப் பூட்டு போடச் சொன்னாள்.

அந்த வாரம் ஊழியர்கள் எல்லோருக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனை. கூடத்தின் டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டு அறிக்கையை மேஜையில் வைத்தார்.

“இந்தச் சிவப்பணு எவ்வளவு பெருத்திருக்கு பாரு. இது வேற யாரோடதா இருந்தா நீ என்ன சொல்லுவ?”

“ஃபோலேட் சத்து குறைவு. இல்லன்னா குடி.”

“உனக்கு ரெண்டுமே. கால் மரத்துப்போகுதுன்னு சொன்னியே, பி1 விட்டமினும் குறைஞ்சிருக்கலாம். ஒயின்ல கலோரி இருக்கு, சத்து இருக்கா? வயித்துல சோறு இருந்தாத்தான் அது மெதுவா ரத்தத்துல கலக்கும். வெறும் வயித்துல ஒரேடியா ஏறும். அப்படி ஏறுனா மூளை எதையும் பதிவு பண்ணாது. நடப்ப, பேசுவ, அடுப்பு பத்த வைப்ப. மறுநாள் ஒண்ணும் ஞாபகம் இருக்காது.”

“நான் ஒரு தடவைகூட மயங்கி விழுந்ததில்ல டாக்டர்.”

“விழாம நடமாடுறதுதான் எனக்குப் பயமா இருக்கு. இன்னொண்ணு, பட்டினி கிடந்தா ஈரல்ல சர்க்கரை இருப்பு தீந்துடும். புதுசா செய்யவும் சாராயம் விடாது. சர்க்கரை இறங்கி உளறினா, பாக்குறவங்க போதைன்னு நினைச்சு விட்டுடுவாங்க. அப்படியே போயிடலாம்.”

ஊசி தலையாட்டினாள். அன்றே சர்க்கரை பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்தாள். சாப்பிடுவதற்குப் பதிலாக அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அளந்துவிட்டால் ஆபத்து அடங்கிவிடும் என்று நம்புவது அவள் தொழில்காரர்களுக்கே வரக்கூடிய வியாதி.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள். மாமாவுக்கு வெளியூர் வேலை, அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாம்மாவுக்குக் காய்ச்சல். “ஒரு ராத்திரி பாப்பாவைப் பாத்துக்கடி. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

பாப்பாவுக்கு ஐந்து வயது. சித்தி என்றால் உயிர். ஊசி சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள், தோழிகளை வரவேண்டாம் என்றாள். ஆனால் காலையிலிருந்து பட்டினி கிடந்து சேர்த்த கலோரி அப்படியே இருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டி, தான் ஒரு கவளம்கூடத் தொடாமல், ஏழு மணிக்கு ஒரே ஒரு கோப்பை என்று ஊற்றினாள். பாப்பா தரையில் படம் வரைந்துகொண்டிருந்தது. பச்சை யானை. இரண்டாவது கோப்பையை ஊற்றியது அவளுக்கு அரைகுறையாக ஞாபகம் இருந்தது.

கண் விழித்தபோது வெயில். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது.

தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். பாப்பா கூடத்து மூலையில், மேஜைக்கு அடியில், தலையணையைக் கட்டிக்கொண்டு விழித்திருந்தது. ஊசி குனிந்ததும் பின்னால் நகர்ந்தது.

“பாப்பா, நான்தான்டா. சித்தி.”

குழந்தை அவள் முகத்தை உற்றுப் பார்த்தது. “ராத்திரி வந்த சித்தி போயிட்டாங்களா?”

“எந்த சித்தி?”

“உன்னோட சட்டைதான் போட்டிருந்தாங்க. நான் கூப்பிட்டா பாக்கவே இல்ல. தூங்கக் கூடாதுன்னு சொன்னாங்க. கதவைத் திறந்துட்டு வெளிய போனாங்க, வந்தாங்க, திரும்பப் போனாங்க. அப்புறம் கையை நீட்டுன்னு சொன்னாங்க.”

பாப்பா கையை நீட்டிக் காட்டியது. மோதிர விரலின் ஓரத்தில், வலி குறைவான சரியான இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. அவளுடைய வேலைதான். வேறு யாராலும் அவ்வளவு சுத்தமாகக் குத்த முடியாது.

மேஜை மேல் மீட்டர் கிடந்தது. அதன் நினைவில் மூன்று அளவுகள் நேரத்தோடு இருந்தன; எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து. இரவு எட்டு நாற்பதுக்கு நாற்பத்தேழு. எட்டு நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்றொன்று. ஒன்பதே காலுக்கு நாற்பத்திரண்டு. நடுவில் இருந்தது சோறு சாப்பிட்ட குழந்தையின் ரத்தம். நாற்பத்திரண்டில் ஒருத்தி மயங்கி விழுந்து எழாமலே போயிருக்கலாம், திறந்த கதவும் தனிக் குழந்தையுமாக. ஊசி குப்பைக்கூடையைக் கொட்டித் தேடினாள். மூன்று முறை குத்தியதற்கு ஒரே ஒரு ஊசிமுனைதான் கிடந்தது.

பதினோரு வருடத்தில் ஒரு ஊசியை அவள் இரண்டு பேருக்குப் போட்டதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாப்பா மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

காலை எட்டு மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டாள். ஊசிமுனை விஷயத்தை முதலில் சொன்னாள். இருவருக்கும் இன்றே ரத்தம் பார்க்க வேண்டும் என்றாள். பட்டினியையும் ஒயினையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அப்ப ராத்திரி முழுக்க என் குழந்தைகூட யாருடி இருந்தா?”

ஊசி மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

“யாரும் இல்லக்கா.”