கறுப்புப் பட்டைக்கு இடப்பக்கம்

அந்த லேபில் அவளுக்கு ஈயம் என்று பெயர். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் கம்பியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டாள் என்பதால் வந்த பெயர். அவள் சட்டைக் கையில் எப்போதும் இரண்டு மூன்று பொசுங்கல் ஓட்டைகள் இருக்கும். கெட்டிக்காரி, உழைப்பாளி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவள் என்று எழுதத்தான் ஆசை. முதல் இரண்டையும் தாராளமாக எழுதலாம்.

மூன்றாவது இடிக்கிறது. அவளுக்குப் பொறாமை உண்டு. சின்ன வயதிலிருந்தே உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அக்காவைப் பாடச் சொல்வார்கள். இவளை டம்ளர் எடுத்துவரச் சொல்வார்கள். பாடி முடித்ததும் கைதட்டல் அக்காவுக்கு, காலி டம்ளர் இவளுக்கு. அப்போது வயிற்றில் பற்றிய நெருப்பு அப்படியே இருந்தது. கல்லூரிக்கு வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தாள்.

லேபில் அக்காவின் இடத்தைப் பிடித்துக்கொண்டவள் ரேடியோ. பேச ஆரம்பித்தால் நிறுத்தப் பொத்தான் கிடையாது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இருவரும் கடைசி வருட மாணவிகள், பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே புராஜெக்ட். வழிநடத்தும் மேடமிடம் அடுத்த வருடத்துக்கு ஆராய்ச்சி மாணவியாகச் சேர ஒரே ஒரு இடம் இருந்தது. இருவருக்கும் அது வேண்டும். அதைப் பற்றி இருவரும் வாயே திறந்ததில்லை.

புராஜெக்ட் இதுதான். போனிலிருந்தே மின்சாரத்தைப் போட்டு அணைக்க உதவும் மலிவான ஸ்மார்ட் பிளக்குகளில் எட்டைக் கடையில் வாங்கினார்கள். இந்தப் பிளக்கைப் புதிதாக மாட்டும்போது அதற்கு வீட்டு வைஃபை தெரியாது. அதனால் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கி, பூட்டே இல்லாத ஒரு சின்ன வைஃபையைத் தானே திறக்கும். போன் அதில் சேர்ந்து, ‘எங்கள் வீட்டு வைஃபை பெயர் இது, கடவுச்சொல் இது’ என்று சொல்லிக்கொடுக்கும். சில பிளக்குகளில் அது மறையாக்கப்பட்டுப் போகும். சிலவற்றில் அப்படியே வெட்டவெளிச்சமாகப் போகும். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒருவன் லேப்டாப்போடு நின்றால் போதும், வீட்டுக் கடவுச்சொல் அவன் கைக்கு வந்துவிடும். எட்டில் எத்தனை அப்படி உளறுகின்றன என்று பார்ப்பதுதான் சோதனை.

இணையத்தோடு சேராத ஒரு தனி ரூட்டரை வைத்து, அதற்கென்று ஒரு கடவுச்சொல் போட்டு, காற்றில் போவதைப் பிடித்தது எல்லாம் ஈயம்தான். முதல் வாரம் ஒன்றுமே சிக்கவில்லை. லேப்டாப்பில் செருகிய ஆன்டெனா ஒரு சேனலைக் கேட்டுக்கொண்டிருந்தது, பிளக் வேறொரு சேனலில் பேசிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பிளக்கும் எந்தச் சேனலில் வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டு ஆன்டெனாவை அதிலேயே நிறுத்தி, திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தி அவள் கட்டைவிரலே காய்த்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பிளக்கின் பெயரைச் சொன்னதும், தேநீர் வாங்கிவந்ததும் ரேடியோ.

"அவளுக்கு வாய் மட்டும்தான்," என்பது லேபில் ஈயம் அடிக்கடி சொல்லும் வாக்கியம். ரேடியோவின் காதுபடவே சொல்வாள். ரேடியோ சிரிப்பாள்.

ஐந்து பிளக்குகள் முடிந்திருந்தபோது மாநாட்டு அறிவிப்பு வந்தது. இருநூறு வார்த்தைக்குள் ஆய்வைச் சுருக்கி ஒரு அப்ஸ்ட்ராக்ட் அனுப்ப வேண்டும். தேர்வானால் ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்து மாநாட்டில் போஸ்டராக வைக்கலாம். ஈயம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். ரூட்டரின் மாடல் எண்ணில் ஆரம்பித்து, ஆன்டெனாவின் நீளம் வழியாக, அறுநூறு வார்த்தையில் போய் நின்றது. மேடம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாமே இருக்கும்மா. ஆனா நீங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு தேடிப்பிடிக்க வேண்டியிருக்கு."

ரேடியோ அதை வாங்கிக்கொண்டு போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முதல் வரி இப்படி இருந்தது: ‘புதிய பிளக் ஒன்றை வீட்டில் மாட்டும் அந்த ஒரு நிமிடம், வீட்டின் கடவுச்சொல் தெருவுக்குக் கேட்கலாம்.’ அடுத்து, என்ன செய்தார்கள் என்று இரண்டு வரி. அடுத்து, கிடைத்தது. கடைசியில், தயாரிப்பவர்கள் என்ன செய்ய வேண்டும். ‘பெரும்பாலான பிளக்குகள்’ என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் மேடம் அடித்தார்.

"உலகத்துல இருக்குற பிளக் எல்லாத்தையும் நீங்க பார்க்கல. எட்டுல எத்தனைன்னு எண்ணைப் போடுங்க. மீதியையும் முடிச்சுட்டு அனுப்பலாம். ரொம்ப நல்லா வந்திருக்கு."

அந்த ‘ரொம்ப நல்லா’ ஈயத்தின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. எழுதியது மோசமாக இருந்தாலாவது திட்டிவிட்டு ஆறியிருப்பாள். அது நன்றாக இருந்தது. தன் விரல் காய்த்ததை அவள் இரண்டே வரியில் சொல்லிவிட்டாளே என்று வயிறு எரிந்தது. அதோடு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. பெயர் வரிசை வந்தது.

"யார் எழுதி, யார் நின்னு பேசுறாங்களோ அவங்க பேர் முதல்ல இருக்கட்டும்," என்றார் மேடம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் ஈயம். ‘மேடம், சோதனை பண்ணது நான்தானே’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினாள். முதல் பெயர் போனால் அந்த ஒரு இடமும் போன மாதிரிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போன் செய்து புலம்பினாள்.

"பேர் மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன, ஒரே காகிதத்துல தானேடி இருக்கு," என்றார் அம்மா. "அக்கா இங்கதான் இருக்கா, பேசுறியா?"

வேண்டாம் என்று வைத்துவிட்டாள். கோபத்தை எங்கே கொட்டுவது? ரூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அதுவரை அதில் இருந்த கடவுச்சொல் ‘test12345’. அதை அழித்துவிட்டு ஆங்கில எழுத்தில் ‘vaaimattum’ என்று அடித்தாள். வாய் மட்டும். மனசு கொஞ்சம் லேசானது. மீதி மூன்று பிளக்குகளும் ஒவ்வொன்றாக அந்தக் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டன. அவற்றில் இரண்டு மறைத்து வாங்கின. ஒன்று மட்டும் ஊரைக் கூட்டி ஒப்பித்தது. எட்டில் ஐந்து என்று கணக்கு முடிந்தது. தேர்வு, லேப் வைவா என்று நாள் ஓடியதில் அந்தச் சின்ன விஷமத்தை அவளே மறந்துபோனாள்.

அப்ஸ்ட்ராக்ட் தேர்வானது. போஸ்டரை ரேடியோதான் அடுக்கினாள். பிடித்து வைத்த பதிவுகளில் எது தெளிவாக இருக்கிறதோ அதைப் படமாக எடுத்து நடுவில் பெரிதாகப் போட்டு, பார்க்கச் சொல்லி ஈயத்தின் போனுக்கு அனுப்பினாள். பஸ்ஸில் நின்றுகொண்டு ஈயம் திறந்து பார்த்தாள். நடுப்படத்தில் கடவுச்சொல் வரும் இடத்தின் மேல் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது.

ஈயத்துக்குச் சிரிப்பு வந்தது. கடவுச்சொல் பச்சையாகத் தெரிகிறது என்பதுதானே மொத்தப் போஸ்டரும். அதையே மறைத்துவிட்டால் காட்ட என்ன இருக்கிறது? அதுவும் சோதனை ரூட்டரின் கடவுச்சொல், யாருக்கும் பிரயோஜனம் இல்லாதது. விவரம் தெரிந்த எவரும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்கள். சொல்லலாமா? சொன்னால் திருத்திவிடுவாள். அங்கே நின்று முழிக்கட்டும், மேடமும் பார்க்கட்டும்.

‘சூப்பர்’ என்று பதில் அனுப்பினாள்.

மாநாட்டுக் கூடத்தில் வரிசையாகப் பலகைகள் நின்றன. ரேடியோ நாலு மூலையிலும் ஊசி குத்திப் போஸ்டரை மாட்டினாள். மேடம் சற்றுத் தள்ளி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கழுத்தில் நடுவர் அட்டை தொங்க, நரைத்த தாடிக்காரர் ஒருவர் வந்து நின்றார். ரேடியோ பேச ஆரம்பித்தாள். பிளக் விளக்கு மினுக்குவதில் தொடங்கித் தெருவில் நிற்கும் லேப்டாப் வரை, தாடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பக்கத்துப் பலகைக்காரர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். ஈயத்துக்கு அக்கா பாடிய வீட்டு வரவேற்பறையும் காலி டம்ளர்களும் நினைவுக்கு வந்தன. தாங்கவில்லை.

"சார், ரூட்டர் செட் பண்ணது, பாஸ்வேர்ட் வச்சது, பாக்கெட் பிடிச்சது எல்லாமே நான்தான்," என்று குறுக்கே புகுந்தாள். "இவங்க எழுதினாங்க. அவ்வளவுதான்."

ரேடியோ பேச்சை நிறுத்தினாள். நிறுத்தப் பொத்தான் இருந்திருக்கிறது.

"அப்படியா, நல்லது," என்றார் தாடிக்காரர். "அப்ப இதை எதுக்கு மறைச்சிருக்கீங்க? டெஸ்ட் பாஸ்வேர்ட்தானே?"

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும் சார். எனக்கே புரியல."

"என் தப்புதான் சார்," என்றாள் ரேடியோ. "மறைச்சிருக்கக் கூடாது."

தாடிக்காரர் படத்தின் அருகே குனிந்தார். காற்றில் பிடித்த தகவல் துணுக்குகளை, அதாவது பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் மென்பொருள் ஒரே விஷயத்தை இரண்டு தடவை காட்டும். வலப்பக்கம் எழுத்தாக. இடப்பக்கம் ஹெக்ஸ் என்ற கணினி எண்முறையில், எழுத்துக்கு ஒரு ஜோடிக் குறியாக. பட்டை வலப்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. போனில் எறும்பு மாதிரி இருந்த குறிகள், ஆளுயரப் போஸ்டரில் கொழுகொழுவென்று நின்றன.

"வீட்டைப் பூட்டிட்டுச் சாவியைக் கதவுலயே விட்டுட்டீங்களேம்மா," என்று சிரித்தார். பழகின விரல், குறிகளின் மேல் ஊர்ந்தது. "ஏழு ஆறு, வி. ஆறு ஒண்ணு, ஏ. இன்னொரு ஏ. ஆறு ஒன்பது, ஐ..."

நான்காவது எழுத்திலேயே ஈயத்துக்குக் காது சுட்டது. எந்தப் பிளக், எந்த நாள், எந்தக் கோபம் என்று எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அவர் விரலைப் பிடித்து நிறுத்த முடியாது. பாஸ்வேர்ட் வைத்தது நான்தான் என்று ஊரறியச் சொல்லி இன்னும் ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

"வாய் மட்டும்," என்று படித்து முடித்தார். இதுவரை பேசியவளைப் பார்த்தார், குறுக்கே புகுந்தவளைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"எங்க லேப்ல பழகின வார்த்தை சார் அது," என்றாள் ரேடியோ. "டெஸ்ட்டுக்குக் கைக்கு வந்ததை அடிக்கிறதுதானே. சோதனை முழுக்க இவதான் சார். இவ சேனலைக் கண்டுபிடிக்கலன்னா இந்தப் போஸ்டரே இல்ல."

தாடிக்காரர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த பலகைக்குப் போனார். ஈயம் கீழே விழுந்திருந்த ஊசி ஒன்றைப் பொறுக்கினாள். பொறுக்கிய பிறகும் நிமிர மனம் வரவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மறைக்கணும்னா படிச்சுத்தானே ஆகணும்."

"வேற படம் போட்டிருக்கலாம்ல."

"இதுலதான் எல்லாம் ஒரே பாக்கெட்ல தெளிவா இருந்துச்சு. நீ பிடிச்சதுலயே நல்லது இதுதான். விட மனசு வரல."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீ என்ன சொல்லுவ? ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவோம். அப்புறம் போஸ்டர் எப்படி முடியும்?" ரேடியோ போஸ்டரின் இடப்பக்கத்தைப் பார்த்தாள். "ஹெக்ஸ்ல அதே வார்த்தை இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. அந்த விஷயத்துல நீ சொன்னது சரிதான். எனக்கு வாய் மட்டும்தான்."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் ஈயம் பிழைத்திருப்பாள்.

தூரத்தில் மேடமிடம் தாடிக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் திரும்பி இந்தப் பக்கம் பார்த்தார். யாரைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. அந்த ஒரு இடம் யாருக்கு என்று கவலைப்பட வேண்டிய நேரம் அது. ஈயத்துக்கு அந்தக் கவலை வரவில்லை. அந்த வார்த்தையைப் படித்த பிறகும் இத்தனை நாள், படத்தின் மேல் கறுப்பை ஒட்டிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் வாங்கிக்கொடுத்தாளே, அது தன்னால் முடிந்திருக்குமா என்று நினைத்துப் பார்த்தாள். முடிந்திருக்காது. பழைய இடத்தில், பழையபடியே, வயிறு எரிந்தது.