மாசி மாத மகமை

அருப்புக்கோட்டையில் நான் கணக்கு எழுதிய மிளகாய் வற்றல் கடையில் அடி விழாத நாள் கிடையாது. முதலாளிக்கு முதலில் கை பேசும், வாய் பிறகுதான். மூட்டை சரிந்தால் தூக்குகிறவருக்கு அடி, தராசு முள் ஆடினால் எடை போடுகிறவருக்கு அடி. என்னை மட்டும் அவர் தொட்டதில்லை. அறுபதுகளின் கடைசியில் இரட்டைப் பதிவு முறையில் பேரேடு எழுத அந்தக் கடைத்தெருவில் என்னை விட்டால் ஆளில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் வருஷக் கணக்கு பங்குனியோடு முடியும். சித்திரை பிறந்ததும் கடையில் பங்காளியான முதலாளியின் தம்பி பந்தல்குடியிலிருந்து வந்து லாபத்தில் தன் பாகத்தைக் கேட்பார். அதற்குள் டிரையல் பேலன்ஸ் எடுத்தாக வேண்டும். பேரேட்டில் உள்ள ஒவ்வொரு கணக்கின் நிலுவையையும் எடுத்து, பற்றை ஒரு பக்கமும் வரவை ஒரு பக்கமும் அடுக்கிக் கூட்டினால் இரண்டும் ஒரே தொகையாக வர வேண்டும். அந்த வருஷம் வரவில்லை. பற்றுப் பக்கம் நானூற்று எண்பத்தாறு ரூபாய் அதிகமாக நின்றது.

இப்படி நடப்பது ஒன்றும் உலக அதிசயமில்லை. தப்பு கிடைக்கிற வரைக்கும் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கு என்ற தலைப்பில் ஒதுக்கி வைப்போம். வரவுப் பக்கம் குறைந்ததால் அனாமத்தில் நானூற்று எண்பத்தாறை வரவு வைத்தேன். இரண்டு கூட்டலும் நேரானது. முதலாளியிடம் போய், "ஒரு தொகை இடிக்குது மொதலாளி, அனாமத்துல வச்சிருக்கேன், ரெண்டு நாள்ல பிடிச்சிருவேன்" என்றேன். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.

"நானூத்தி எம்பத்தாறு ரூவாயா? எவன் எடுத்தான்?"

கல்லாவில் இருந்தவர் பாளையம்பட்டிக்காரர். நாற்பது வயது, மூன்று பெண் பிள்ளைகள், பன்னிரண்டு வருஷமாக அதே பலகையில் உட்கார்ந்திருந்தவர். "ரொக்கத்த எண்ணிப் பாருங்க மொதலாளி, பைசா கூடக் கொறையாது" என்றார். எண்ணினார்கள். ரொக்கப் புத்தகத்தில் இருந்தது பெட்டியிலும் இருந்தது.

"களவாங்குறவன் கணக்க நேராக்கித்தானலே வைப்பான்!" என்று முதலாளி கத்தினார்.

அந்த இடத்தில்தான் நான் பேசியிருக்க வேண்டும். கணக்கை நேராக்கி வைத்துவிட்டுத் திருடினால் டிரையல் பேலன்ஸ் இடிக்காது, நேராகவே நிற்கும். இடிக்கிறதென்றால் ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் எழுதாமல் விட்டிருக்கிறது, அல்லது கூட்டல் பிசகியிருக்கிறது. அது பேனா பிடித்தவனின் தப்பு, பெட்டியைக் காத்தவனின் தப்பு இல்லை. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் சொல்லவில்லை. பயந்தேன், வேறொன்றும் இல்லை.

கல்லாக்காரர் பெட்டிக்குள்ளிருந்த நோட்டுகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். முதலாளி அந்தப் பெட்டியின் மூடியை ஓங்கி அறைந்தார். தேக்குப் பலகை, ஓரமெல்லாம் இரும்புப் பட்டை. வலது கை உள்ளே இருந்தது. விரல் முறிகிற சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது. கையை இழுக்க விடாமல் மூடியின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு, "எங்கலே வச்சிருக்க? சொல்லு!" என்று கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். பிறகு இழுத்துத் தெருவில் தள்ளி, விழுந்தவரை விலாவில் மிதித்தார். திருச்சுழியிலிருந்து தங்கள் காட்டில் விளைந்த வற்றலை வண்டி பூட்டிக் கொண்டுவந்த சம்சாரிகள் மாட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். நான் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

"மூணு நாள்ல பணம் வரல, போலீசுல குடுத்துருவேன்" என்று கத்திவிட்டு முதலாளி உள்ளே வந்தார்.

மூன்று நாளும் வெறி பிடித்தவன் போலத் தேடினேன். எல்லாக் கூட்டலையும் மறுபடி போட்டேன். வித்தியாசத்தைப் பாதியாக்கினால் இருநூற்று நாற்பத்து மூன்று. அந்தத் தொகை எங்கேயாவது பக்கம் மாறி ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். அப்படி ஒரு பதிவும் இல்லை. நானூற்று எண்பத்தாறு ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் அப்படித்தான் வரும். அதை நம்பி ஒன்றரை நாளைத் தொலைத்தேன். பேரேட்டின் ஒவ்வொரு வரியையும் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டு டிக் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. மசிக்கூட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

மூன்றாம் நாள் காலையில்தான் உறைத்தது. பேரேட்டில் இருப்பதைத்தானே சரிபார்க்கிறேன், ஏறாமல் விட்டதை அங்கே எப்படிப் பார்ப்பேன்? திசையை மாற்றினேன். குறிப்பேடுகளிலிருந்து பேரேட்டுக்குப் போனேன். மகமைக் கணக்கில் பன்னிரண்டு மாதத்துக்கும் பதினோரு வரிதான் இருந்தது. மாசியைக் காணோம்.

சம்சாரியின் வற்றலுக்கு முழு விலையையும் கொள்முதலில் பற்று எழுதுவோம். மூட்டைக்கு இத்தனை பைசா என்று பொதுக் காரியத்துக்கு மகமை பிடித்துக்கொண்டு, மீதியை அவர் பெயரில் வரவு வைப்போம். பிடித்த மகமை ஒரு சின்ன நோட்டில் ஏறும். மாதக் கடைசியில் அதன் கூட்டலைப் பேரேட்டில் மகமைக்கு வரவு வைப்பது என் வேலை. அந்த நோட்டு சாமி படத்தடியில், விளக்குப் பக்கத்தில் இருக்கும். மாசிக் கடைசியில் என் அம்மா இறந்து போனாள். வற்றல் குவிகிற நேரம் என்று ஐந்தாம் நாளே வேலைக்குக் கூப்பிட்டார்கள். வந்தேன், தீட்டோடு சாமி மாடத்தில் கை வைக்கவில்லை. கருமாதி முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அப்படியே மறந்து போனேன்.

நோட்டை எடுத்துக் கூட்டினேன். நானூற்று எண்பத்தாறு.

அனாமத்துக்குப் பற்று, மகமைக்கு வரவு. இரண்டே வரிதான். அனாமத்தில் ஒன்றும் மிச்சமில்லை. முதலாளி முன்னால் போய் நின்று, "என் தப்பு" என்றேன். அவர் கை எழுந்தது. அடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன், அடித்தால் ஆறுதலாக இருக்கும் போலிருந்தது. கையை இறக்கிக்கொண்டு, "நேராயிருச்சுல்ல? தம்பி வாரதுக்குள்ள எழுதி முடி. கல்லாக்காரன்கிட்ட பத்து ரூவா குடுத்து வேலைக்கு வரச் சொல்லு" என்றார்.

மத்தியானம் பாளையம்பட்டிக்குப் போனேன். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன், கடையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது உட்பட. மகமை நோட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"தப்பு எதுன்னு தெரியற வரைக்கும் அந்தத் தொகைய ஒதுக்கி வச்சீகளே அண்ணாச்சி. அது மாதிரி என்னையும் அடிபடாம ஒதுக்கி வைக்க ஒங்களுக்கு ஒரு பேச்சுக் கெடைக்கலையா?"

அவர் எழுந்து இடது கையால் அறைந்தார். பழகாத கை, கன்னத்துக்கு வந்த அடி காதில் விழுந்தது. நான் நகரவில்லை. இன்னொரு அடிக்காகக் காத்து நின்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. அவருடைய விரல்கள் பிறகு மடங்கவே இல்லையாம். நோட்டு எண்ண வராது என்று எந்தக் கடையிலும் அவரைக் கல்லாவில் உட்கார வைக்கவில்லை.