பத்து நொடியில் நுரை

ஒட்டகம் எதிர் நடைபாதையில் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். சாலையின் அகலம் பன்னிரண்டு அடிகூட இருக்காது. ஆனால் அந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்க அவனுக்கு ஏற்கெனவே இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் கால் மணி நேரம் போனால் குடியா முழுகிப்போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

எதிரே டீ, காபிக் கடை. கடைக்காரன் பெயர் உருண்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவனுக்கே மறந்திருக்கும். ஒட்டகத்துக்கும் அப்படித்தான், கழுத்து நீளம், அதனால் ஒட்டகம். இருபது வயதில் இருவரும் ஒரே கடையில் வேலை பார்த்தார்கள். உருண்டை பால் ஆற்றுவான், ஒட்டகம் கிளாஸ் கழுவுவான், வாயால் கடையையே நாறடிப்பான். ஒருநாள் கூட்டம் நெரிந்த நேரத்தில், சும்மா சிரிக்கலாமே என்று, "பாய்லர் வெடிக்கப்போகுது, ஓடுங்க!" என்று கத்தினான். எல்லோரும் ஓடினார்கள். உருண்டையும் ஓடினான், கையில் கொதிக்கிற பால் சட்டியோடு. பால் அவன் வலது பாதத்தில் கவிழ்ந்தது.

அன்று மாலை ஒட்டகம் ஆஸ்பத்திரி வாசல்வரை போனான். உள்ளே போக முடியவில்லை. மறுநாள் ஊரைவிட்டே போய்விட்டான். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் இப்போது வந்திருக்கிறான்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தான்.

"ஒரு காபி," என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு.

கடைக்காரன் நிமிர்ந்தான். இப்போது நிஜமாகவே உருண்டையாக இருந்தான்.

"டேய். ஒட்டகமா நீ?"

"கழுத்தப் பாத்தா தெரியலையா?"

"கழுத்து தெரியுது. தலைமுடி எங்கன்னுதான் தேடறேன்."

சிரித்தான். ஆனால் கல்லாவைத் தாண்டி வெளியே வரவில்லை. கை கொடுக்கவும் இல்லை. "இவதான் என் வீட்டுக்காரி," என்றான். "இவன்தான் அவன். என் கால வேகவச்சவன்."

அவள் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒட்டகத்தை மேலும் கீழும் பார்த்தாள். "உக்காருங்கண்ணே," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், ஆனால் பால் சட்டியை மட்டும் அவனுக்கு எட்டாத பக்கம் நகர்த்திவைத்தாள்.

ஒட்டகம் பெஞ்சில் உட்கார்ந்தான். சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். அப்போதுதான் அவள் நீராவிக் குழாயைத் திறந்தாள்.

பால் அலறியது.

பாலில் நீராவி இறங்கும்போது ஒரு சத்தம் வரும், துணி கிழிகிற மாதிரி, மெதுவாக. இது அந்தச் சத்தம் இல்லை. குத்துப்பட்ட மாதிரி ஒரு கீச்சல். நுரை பொங்கிக் குவளையின் விளிம்பைத் தாண்டியது.

"பாத்தியா?" என்றான் உருண்டை பெருமையாக. "பத்தே நொடி. மத்த கடையில அரை நிமிஷம் ஆவும்."

ஒட்டகம் சட்டென்று தலையைத் திருப்பினான். பதினெட்டு வருஷமாக ஒரு சலவை ஆலையில் அவனுக்கு பாய்லர் ஓட்டுகிற வேலை. நீராவியின் குரல் அவனுக்கு மாமியார் குரல் மாதிரி. எந்த நேரத்தில் எந்தச் சுருதி என்று தெரியும்.

மெஷினைப் பார்த்தான். நிற்கவைத்த செம்பு உருளை, இடுப்பளவு உயரம். அடியில் முழங்கால் உயரத்தில் கேஸ் அடுப்பு. மேலே தண்ணீர் ஊற்றுகிற திருகு மூடி. மூடிக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சேஃப்டி வால்வு. முகப்பில் அழுத்தம் காட்டுகிற மீட்டர். பக்கவாட்டில், உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய். மீட்டரின் முள் ஒன்றில் நின்றது. கண்ணாடியில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் அவள் நீராவியைத் திறந்தபோது அந்த முள் அசையவே இல்லை.

"தங்கச்சி, இன்னொரு தடவ திறங்க, கொஞ்சமா."

அவள் திறந்தாள். கீச்சல். முள் ஒன்றிலேயே நின்றது, சுவரில் வரைந்த முள் மாதிரி.

ஒட்டகம் வால்வைக் காட்டினான். "உருண்ட, இந்த வால்வு கடைசியா எப்ப சத்தம் போட்டுச்சு?"

"அதுவா? சனியன், எப்பப் பாத்தாலும் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவிய வெளிய விட்டுட்டே இருந்துச்சு. நுரையே வரல. போன வாரம் மேல இருக்கற நட்ட நாலு சுத்து முறுக்கினேன். அன்னைலேர்ந்து பரம சாந்தம்."

"கேஸ மூடு."

"என்னது?"

"மூடுடா. முள்ளு செத்துப்போச்சு. ஆவிய எடுத்தா அது கொஞ்சமாவது இறங்கணும், அசையவே மாட்டேங்குது. உள்ள ஒண்ணு இல்ல, நாலு இருக்கோ அஞ்சு இருக்கோ. வால்வையும் நீ கழுத்த நெரிச்சு வச்சிருக்க. இது வெடிச்சிரும்டா."

 உருண்டை சிரிக்க ஆரம்பித்தான். தொப்பை குலுங்கச் சிரித்தான். பெஞ்சின் மறுகோடியில் டீ குடித்துக்கொண்டிருந்த தபால்காரரும் எதற்கு என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

"இருபத்தாறு வருஷம் கழிச்சு வந்து, அதே வசனமாடா? புதுசா ஒண்ணும் கத்துக்கலயா?"

"இது வேற உருண்ட. சத்தியமா."

"அன்னைக்கும் மூஞ்சிய இப்படித்தான் வச்சிருந்த." சிரிப்பு நின்றுவிட்டது. "நாலு மணிக்கு மில்லு சங்கு ஊதும். அறுபது பேர் வந்து நிப்பாங்க. இப்ப அணைச்சா திரும்ப ஆவி ஏற முக்கா மணி ஆவும். என் பொழப்புலயும் விளையாடறியா?"

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது.

 எழுந்து ஓடிவிடலாம் என்று ஒட்டகத்துக்குத் தோன்றியது. ஓடுவதில் அவனுக்கு அனுபவம் உண்டு. ஆனால் உருளையின் மூடி அவளுடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது. இருபது நிமிஷத்தில் அவளுக்கு எதிரே அறுபது பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். சத்தம் போட்டால் யாரும் நம்பப்போவதில்லை. கத்துகிற உரிமையை அவனே என்றைக்கோ தீர்த்துவிட்டான்.

எனவே கத்தவில்லை. அவள் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி, என்னை நம்பவேணாம். நான் பொய்யன்தான். மெஷினையே கேப்போம். அந்தக் கண்ணாடிக்கு அடியில சின்னக் குழாய் இருக்குல்ல? துணியச் சுத்திக்கிட்டு நான் திறக்கறேன். கண்ணாடியில இருக்கற தண்ணி வெளிய போயிடும். மூடினதும் உள்ளேருந்து தண்ணி உடனே துள்ளி ஏறணும். ஏறிச்சுன்னா நான் சொன்னது பொய். செருப்பால அடிங்க."

"ஏறலன்னா?"

"ஏறலன்னா இத்தன நாளா நீங்க பாத்தது பழைய தண்ணி. உருளையிலேர்ந்து வர்ற வழிய உப்பு அடைச்சுக்கிட்டு, கண்ணாடியில மாட்டிக்கிட்ட தண்ணி."

அவள் கைத்துணியை நீட்டினாள். உருண்டை வாயைத் திறந்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவன் மூடிக்கொண்டான்.

ஒட்டகம் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழாயைத் திறந்தான். புஸ்ஸென்று வெந்நீர் தரையில் அடித்தது, பின்னாலேயே வெறும் ஆவி. மூடினான்.

மூவரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

கண்ணாடி காலியாக இருந்தது. ஐந்து நொடி, பத்து நொடி. ஒரு துளி தண்ணீர்கூட ஏறவில்லை.

அவள்தான் குனிந்து கேஸை மூடினாள். அடுப்பு டப்பென்று அணைந்தது. உருளை மட்டும் உள்ளுக்குள் முனகிக்கொண்டிருந்தது. திருகு மூடியின் ஓரத்தில் சன்னமாக ஒரு விசில் கிளம்பியது. மேலே இருந்த ஈரத்தில் குமிழிகள் வந்தன.

 உருண்டை சட்டென்று பக்கத்தில் இருந்த தண்ணீர் ஜாடியைத் தூக்கினான். "மூடியத் திறந்து பச்சத்தண்ணி ஊத்திடறேன், குளுந்துரும்..."

ஒட்டகம் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "மூடியத் தொடாத! இப்ப திறந்தா மூடி உன் தலையோட போகும். அடிச் செம்பு காஞ்சு கெடக்கு, பச்சத்தண்ணி பட்டா மொத்தமும் ஒரே நேரத்துல ஆவியாயிடும். ஒண்ணும் பண்ணாம இருக்கறதுதான் இப்ப வேல."

"ஒண்ணும் பண்ணாம எப்படிடா இருக்கறது?"

"கஷ்டந்தான். வெறும் வாளி ஒண்ணு குடு. தண்ணி இல்லாத வாளி."

நீராவிக் குழாயின் முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வாளிக்குள் விட்டான். வாளியில் தண்ணீர் இருந்தால் உருளை ஆறும்போது அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துணி சுற்றிய கையால் குழாயைத் திருகினான், மயிரிழை அளவு. முழுசாகத் திறக்க உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் ஒரேயடியாக விட்டால் அந்த அதிர்ச்சியை அது தாங்குமோ என்னவோ. கீச்சல் கிளம்பியது. துணி வழுக்கியதில் குழாய் கூடக் கொஞ்சம் திறந்துகொண்டது. உருளை ஒரு குலுக்குக் குலுங்கியது.  ஒட்டகம் அதைத் திரும்ப மயிரிழை அளவுக்கே இறுக்கினான். பிறகு கையை எடுத்தான்.

"எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடந்து போங்க. யாரும் ஓடாதீங்க."

தபால்காரர் மட்டும் ஓடினார். கிளாஸையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

எதிர்ப்பக்கத்து மதில் சுவருக்குப் பின்னால் நின்றார்கள். கடைக்குள்ளிருந்து அந்தக் கீச்சல் வந்துகொண்டே இருந்தது. உருண்டை தன் மனைவியின் முழங்கையைப் பிடித்திருந்தான். பிடித்த இடம் வெளுத்துப்போயிருந்தது, அவள் விடச்சொல்லவில்லை.

சங்கு ஊதியது.

மில் கேட்டிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உருண்டை சாலை நடுவில் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். "யாரும் போவாதீங்க! பாய்லர் வெடிக்கப்போவுது!"

"யோவ், டீ இல்லன்னா இல்லன்னு சொல்லு. எதுக்கு ரீல் விடற?" என்றது ஒரு குரல்.

"ரீல் இல்லய்யா! சத்தியமா!"  உருண்டை திரும்பி ஒட்டகத்தைப் பார்த்தான்.  ஒட்டகமும் போய்ப் பக்கத்தில் கைகளை விரித்து நின்றான்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. கீச்சல் சீறலாகி, சீறல் மூச்சாகி, மூச்சு நின்றது. அதற்குப் பிறகும் இன்னொரு அரை மணி நேரம் ஒட்டகம் யாரையும் உள்ளே விடவில்லை. அப்புறம் தனியாகப் போய் முதலில் குழாயை முழுசாகத் திறந்து பார்த்தான். ஒன்றும் வரவில்லை. மூடியைக் கால் சுற்று திருகிவிட்டு ஓரமாகக் காத்திருந்தான். பிறகு கழற்றினான்.

மற்ற இருவரையும் கூப்பிட்டான், மூவரும் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இரண்டு விரற்கடை தண்ணீர் அடியில் கிடந்தது, சுற்றிலும் சுண்ணாம்பு பூசிய மாதிரி உப்பு. வால்வின் ஸ்பிரிங்கில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அசையக்கூட இடமில்லாமல் இருந்தன.

அவள் நாளெல்லாம் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். பிறகு மூடி இருந்த உயரத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உருண்டை கல்லாவைத் தாண்டி வெளியே வந்தான். லேசாக நொண்டினான்.

"உருண்ட, நான் வந்தது இதுக்கில்ல. உன் கால்..."

"அத அப்புறம் பேசலாம். இத முதல்ல என் கண்ணுலேர்ந்து தூக்கு. லேத் பட்டறை தெருக் கோடியில இருக்கு."

"சூடு ஆறிடுச்சு. நீயே தூக்கலாம்."

"தனியாத் தொடமாட்டேன்டா."

ஒட்டகமும் தனியாகத் தொட்டிருக்க மாட்டான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். உருளை இப்போது வெறும் செம்பு, அவ்வளவு கனம்கூட இல்லை. ஆனாலும் தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரித்தான் தூக்கினார்கள். ஒட்டகம் பின்னோக்கி நடந்தான். உள்ளே மிச்சத் தண்ணீர் சளக்கென்று ஆடியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டார்கள்.

"என்னடா சத்தம் அது?"

"தண்ணி."

"நிஜமாவா?"

"நிஜமா."

உருண்டை அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, நட," என்றான்.