பத்தாவது கேள்விக்கு வெட்டிய ஓட்டை

எங்கள் பள்ளியின் அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அட்டை'. தன் காதில் விழுந்தபோதுகூட அவர் கோபப்படவில்லை. அட்டைக்குக் கால் கிடையாது, அதனால் அது பூச்சி இனமே இல்லை என்று திருத்திவிட்டுப் போனார். அவர் மேசையில் எப்போதும் இருக்கும் ஓட்டை போட்ட காலண்டர் அட்டையால் வந்த பெயர் அது. தேர்வு வைத்தால், சரியான விடை வரும் இடங்களில் பிளேடால் ஓட்டை வெட்டி, பிள்ளைகளின் விடைச்சீட்டு மேல் வைப்பார். ஓட்டையில் டிக் தெரிந்தால் மதிப்பெண். நாற்பத்திரண்டு சீட்டையும் இருபது நிமிடத்தில் திருத்திவிடுவார்.

பக்கத்து மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிற கணக்கு டீச்சர் நான். அவரைப் போல் சந்தேகப்படுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. சாக்பீஸை எண்ணி வைப்பார். யாராவது திறந்தால் தெரியட்டும் என்று கைப்பை ஜிப்பின் மேல் ஒரு நூலும் கட்டுவார். கணவருக்கு வேலை தொலைதூரத்தில், வீட்டில் இவரும் ஒரே மகளும்தான். மகளும் எங்கள் பள்ளியில், இவர் வகுப்பிலேயே ஏழாவது படிக்கிறாள். அவள் ஒருத்தி விஷயத்தில் மட்டும் அந்த நூல் எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும்.

அந்த மாதம் பூச்சிகள் பாடத்துக்குப் பதினைந்து கேள்வி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றில் டிக். பூச்சிக்கு எத்தனை கால், ஆறு. அவை எந்தப் பகுதியில் ஒட்டியிருக்கும், மார்பில். எதனால் மூச்சுவிடும், உடலின் பக்கவாட்டுத் துளைகளால். வண்ணத்துப்பூச்சி எதைக்கொண்டு ருசி அறியும், கால்களால். ரத்தம் குடிப்பது எந்தக் கொசு, பெண். வேலைக்காரத் தேனீ ஆணா பெண்ணா, அதுவும் பெண்தான். ஈக்கு எத்தனை ஜோடி இறக்கை, ஒன்றே ஒன்று. பத்தாவது கேள்வி, கரப்பான்பூச்சியின் வாழ்க்கையில் வராத பருவம் எது என்பது.

கேள்வித்தாளை நகலெடுக்கிறவர் ஜெராக்ஸ் அக்கா. மாடிப்படிக்குக் கீழே, சாய்கூரை இடிக்கிற ஒரு சின்ன அறை, ஒரு மெஷின், காகித அலமாரி, அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். அவர் மகளும் அதே வகுப்பு. மணி அடித்த பிறகு அம்மா வேலை முடியும்வரை அந்த அறையில் காகிதக்கட்டின் மேல் உட்கார்ந்திருப்பாள். படிப்பு சுமார். பதினைந்துக்கு ஆறோ ஏழோ வாங்குவாள்.

இந்த முறை அவள் பதினான்கு வாங்கினாள்.

டீச்சர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். வகுப்பில் மற்ற நல்ல பிள்ளைகளே பன்னிரண்டைத் தாண்டவில்லை. பதினைந்து வாங்கியது ஒருத்திதான், அவர் மகள். அதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை, பெருமைதான். பதினான்குதான் தொண்டையில் சிக்கியது.

"கேள்வித்தாளோட விடைக்குறிப்பையும் ஒரே கவர்ல வச்சுக் குடுத்தேன்" என்றார் என்னிடம். "ரெண்டையும் நகலெடுத்தது யாரு?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆறிலிருந்து பதினான்குக்கு ஒரே தாவலில் யாரும் போவதில்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த இரண்டு நாள் டீச்சர் உளவு பார்த்தார். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் படிக்கீழ் அறையை எட்டிப்பார்த்தார். அந்தப் பெண் ஒரு கண்ணாடிப் புட்டியைப் பாவாடைக்குள் மறைத்ததைப் பார்த்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. எதையோ மறைக்கிறவள் எல்லாவற்றையும் மறைப்பாள் என்றார். மூன்றாம் நாள் தலைமையாசிரியர் காதுக்கு விஷயம் போனது. விடை வெளியே போனது உண்மையென்றால் ஜெராக்ஸ் அக்காவுக்கு வேலை போய்விடும் என்று அவர் சொல்லிவிட்டார். மாலை விசாரணை. அதற்கு முன் தானே ஒரு வார்த்தை கேட்டுவிடுவதாக டீச்சர் அக்காவை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்.

அக்கா அழவில்லை. மையால் கறுத்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மகளின் விடைச்சீட்டையும் கேள்வித்தாளையும் கேட்டார். ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்துப் படித்தார். பத்தாவதில் விரல் நின்றது.

"இதுல இவ 'இ' போட்டிருக்கா. கூட்டுப்புழு. இது தப்பா டீச்சர்?"

தப்பு என்று டீச்சர் சொல்லிவிட்டார். வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் அதில் தவறியதால், பாடத்தையே மறுபடி நடத்தப்போவதாகவும் சொன்னார்.

"எங்க அலமாரிக்குப் பின்னால கரப்பான் முட்டைப்பை போட்டுச்சு. இவ அதைப் புட்டியில எடுத்து வச்சு தினமும் பாத்தா. நான் திட்டுவேன்னு ஒளிச்சு வைப்பா. முட்டையிலேர்ந்து வந்ததே குட்டிக் கரப்பானாத்தான் வந்துச்சு, இறக்கை மட்டும் இல்ல. தோலை உரிச்சா வெள்ளையா நிக்கும், அப்புறம் கறுக்கும். ஒண்ணுகூடக் கூடு கட்டல. அப்போ கூட்டுப்புழுதானே வராத பருவம்?"

டீச்சர் கேள்வித்தாளை வாங்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். 'அ' முட்டை, 'ஆ' இளம்பூச்சி, 'இ' கூட்டுப்புழு, 'ஈ' முதிர்பூச்சி. அட்டையில் பத்தாவது வரிசையின் ஓட்டை 'ஆ'வில் இருந்தது.

எனக்கு உடனே புரிந்தது, எங்கள் தொழிலில் மட்டும் நடக்கிற பிழை அது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றுக்கும் விடை வரிசையாக 'ஆ' என்று வந்தால் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, கடைசி நேரத்தில் பத்தாவது கேள்வியின் விடைகளை டீச்சர் இடம் மாற்றியிருந்தார். விடைக்குறிப்பையும் அட்டையையும் மாற்ற மறந்துவிட்டார். திருத்தும்போது எழுத்தைப் பார்த்தாரே தவிர விடையைப் படிக்கவில்லை.

"நான் நகலெடுத்த குறிப்புல 'ஆ'ன்னுதானே இருந்துச்சு" என்றார் அக்கா. "அதைக் காட்டியிருந்தா இவளும் 'ஆ'தானே போட்டிருப்பா?"

டீச்சர் விடைச்சீட்டுக் கட்டைப் பிரித்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தாவதில் 'ஆ' போட்டவர்கள் மூன்றே பேர். ஒரு பையன் மொத்தத்தில் நாலு வாங்கியவன், இன்னொருவன் ஐந்து, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுகிறவர்கள். மூன்றாவது சீட்டில் பதினைந்து டிக்கும் குறிப்பில் உள்ளபடியே இருந்தன, தப்பான அந்த ஒன்று உட்பட. சீட்டின் தலையில் டீச்சர் கையாலேயே சிவப்பில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்.

தேர்வுக்கு முன் விடைக்குறிப்பு இரண்டு இரவு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது என்று என்னிடம் அவரே சொல்லியிருந்தார். அதை ஞாபகப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அவருக்கே ஞாபகம் வந்துவிட்டதென்று அவர் கழுத்து நரம்பு சொன்னது.

அந்த நட்சத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். சீட்டை மறைக்கப்போகிறார் என்று ஒரு கணம் நானும் சந்தேகப்பட்டேன், பதினோரு வருடப் பழக்கம் தொற்றாமல் இருக்குமா. அவர் மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து, ஜெராக்ஸ் அக்காவின் மகளுக்குப் பதினைந்து என்று திருத்தினார். தன் மகளின் பெயருக்கு நேரே இருந்த பதினைந்தை அடித்து, பூஜ்யம் போட்டார். அந்தப் பூஜ்யம் முழுசாக மூடவில்லை.

பிறகு எழுந்து நின்றார். என் கண்ணெதிரே அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, அன்று கேட்டார். தலைமையாசிரியரிடம் தானே போய் நடந்ததைச் சொல்வதாகவும் சொன்னார். அக்கா தலையசைத்துவிட்டு வாசல்வரை போனவர், திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் குத்தல் துளியும் இல்லை. அதனால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் அது அப்படி வலித்தது.

"இனிமே விடைக்குறிப்பை என்கிட்டயே வச்சுட்டுப் போங்க டீச்சர். வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வேணாம்."