கால்மணி நேரம் முந்திய கடிகாரம்

தென்காசியில் வீட்டுக்கே நர்ஸை அனுப்பும் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தின் கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. ஆபீஸில் ஒரு சிஸ்டம், நர்ஸ் அக்கா கையில் ஒரு டேப்லெட். மதியமும் சாயங்காலமும் இரண்டும் ஒத்திசையும், ஒன்றில் ஏற்றியது மற்றதிலும் ஏறிவிடும். ஒரே நோயாளியின் பதிவை இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால் எந்தத் திருத்தம் பிந்தியதோ அந்தப் பதிவு முழுசாக நிற்கும், மற்றது அழியும். அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன?

அன்று காலை ஆபீஸ் அக்கா மறுநாள் போகவேண்டிய வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார். "ஏலே, அச்சன்புதூர் பாய்க்கு பென்சிலின் ஆகாதுன்னு நேத்துதான ஏத்துனேன்? அவரு மகன் துபாய்லேருந்து போன் பண்ணிச் சொன்னான். இப்ப 'இல்லை'ன்னு காட்டுது!"

பாய்க்குக் காலில் புண். அன்றைக்கு முதல் பென்சிலின் ஊசி. நர்ஸ் அக்கா ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார். போன் போட்டோம். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

"ஊசி போட்டாச்சாக்கா?"

"மருந்தக் கலக்கிட்டு இருக்கேன். என்ன அவசரம்?"

"போடாதீங்க!"

அதன்பிறகுதான் பதிவுகளைத் தோண்டினேன். முந்தின நாள் பத்து மணிக்கு நர்ஸ் அக்கா புண்ணின் அளவைத் திருத்தியிருக்கிறார். ஐந்து நிமிடம் கழித்து ஆபீஸ் அக்கா ஒவ்வாமையை ஏற்றியிருக்கிறார். நியாயப்படி ஆபீஸ் பதிவுதான் பிந்தியது. ஆனால் நர்ஸ் அக்காவின் திருத்தத்துக்கு டேப்லெட் போட்டிருந்த நேரம் பத்தேகால். மதியம் ஒத்திசைந்தபோது டேப்லெட்டிலிருந்த பழைய 'ஒவ்வாமை இல்லை' ஆபீஸிலும் போய் உட்கார்ந்துவிட்டது.

"பஸ்ஸ விட்டா அடுத்த பஸ் எப்ப வருமோ! அதான் டேப்லெட் கடிகாரத்த கால்மணி நேரம் கூட்டி வச்சிருக்கேன்" என்றார் நர்ஸ் அக்கா, திரும்பி வந்ததும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்ட? கடிகாரம் சரியாக இருந்திருந்தால் ஒவ்வாமை நின்று புண்ணின் அளவு போயிருக்கும். எப்படியும் ஒருவர் எழுதியது அழியத்தான் செய்யும்.

மாற்றி எழுதினேன். இப்போது கடிகாரத்தைக் கேட்பதில்லை. கடைசியாக ஒத்திசைந்தபோது இருந்த பதிவோடு இரண்டையும் ஒவ்வாமை, புண்ணின் அளவு என்று கட்டம் கட்டமாக ஒப்பிடும். ஒரு பக்கம் மட்டும் மாறிய கட்டத்தில் அந்த மாற்றம் நிற்கும். ஒரே கட்டம் இரண்டு பக்கமும் வெவ்வேறாக மாறியிருந்தால் நிரல் எதையும் தேர்ந்தெடுக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டு மனுஷரைக் கேட்கும்.

அடுத்த வாரம் நர்ஸ் அக்காவோடு நானும் அச்சன்புதூர் போனேன், டேப்லெட்டைச் சரிபார்க்க. பாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மகன் சொன்னத நீங்க எழுதிக்கலையோன்னு நெனச்சேன்" என்றார்.

"எழுதுனாங்க பாய்" என்றேன். "நாந்தான் அழிச்சிட்டேன்."