தவறிய நேர்காணலுக்கு நான்கு வரி

என் மருமகள் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பாறசாலையில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். ஒன்பது வருட வேலை, இரண்டு முறை எழுதித் தேறிய ஆங்கிலத் தேர்வு. இவ்வளவுக்கும் பிறகு இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை அவளைக் காணொளி நேர்காணலுக்கு அழைத்தது. வியாழக்கிழமை, அவர்கள் நேரம் காலை பத்து மணி.

பிழை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவனுக்கும் எங்களுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். பதினோரு வருடமாக, வெயிலானாலும் மழையானாலும், அது ஒரு நிமிடம் மாறியதில்லை. நாடுகளுக்கு இடையிலான நேரம் என்றால் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். ஜனவரியில் அதே மருத்துவமனை அவளோடு முதல்முறை பேசியபோதும் அவர்கள் நேரம் பத்துதான். இங்கே மூன்றரை. ஐந்தரை மணி நேரம் என்று அப்போதே மனத்தில் எழுதிக்கொண்டேன்.

இந்த முறை வந்த அழைப்பு அவள் போனில் இரண்டரை என்று காட்டியது.

"மாமா, இது ரெண்டரைன்னு காட்டுதே?"

"போனுக்கு என்ன தெரியும் மக்கா? மஸ்கட்லேந்து வந்தப்போ அது ஒன்றரை மணிக்கூறு பின்னாலயாக்கும் ஓடிச்சு. நானாக்கும் சரி பண்ணினேன். பத்தும் அஞ்சரையும் கூட்டு."

முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? அவள் கூட்டினாள். மூன்றரை வந்தது.

வியாழக்கிழமை மூன்று இருபதுக்கே அவள் வெளுத்த சுவரின் முன் உட்கார்ந்துவிட்டாள். இணைப்பைத் திறந்தால் அந்தப் பக்கம் யாரும் இல்லை. பதினாறு நிமிடம் காத்திருந்தாள். பிறகு மின்னஞ்சலைப் பார்த்தாள். இரண்டு நாற்பத்தேழுக்கு வந்த கடிதம் அதில் இருந்தது: பத்து மணியிலிருந்து கால் மணி நேரம் காத்திருந்தோம், உங்களுக்கு இன்னும் விருப்பம் உண்டா என்று தெரிவியுங்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுவார்களாம். எனக்கு எழுபத்து இரண்டு வயதில் தெரிய வந்தது.

என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். "கரண்டு போச்சுன்னு எழுதிரு மக்கா. இஞ்ச கரண்டு போகாத நாளு உண்டா?"

"கரண்டு வந்தப்பறம் ஏன் கூப்பிடலன்னு கேட்டா என்ன சொல்ல, மாமி?"

நான் ஒரு கடிதம் எழுதினேன். பதினான்கு வரி. ஆறாவது வரியில் மஸ்கட் வந்தது. ஒன்பதாவது வரியில், கடிகாரத்தை இப்படித் தள்ளுவது முறையா என்று கேட்டிருந்தேன். கடைசி மூன்று வரி என்னைப் பற்றி: குற்றம் மாமனாருடையது, அவளுடையதல்ல.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"மாமா, வார்டுல மருந்து மாறிப்போனா நாங்க எழுதிக் கொடுக்கணும். என்ன நடந்துச்சு, இப்ப என்ன செய்தாச்சு, இனி என்ன செய்வோம். அவ்வளவு மதி, வேற வேண்டாம். கூட நின்னவங்க பேரு எழுதப்பிடாது."

"நானில்லையா சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. போன் காட்டினத விட்டுட்டுக் கேட்டது நானாக்கும்."

அவள் ஆங்கிலத்தில் எழுதியது நான்கு வரி:

'இன்று உங்கள் நேரம் பத்து மணி நேர்காணலுக்கு நான் வரவில்லை, மன்னிக்கவும். உங்கள் கடிகாரம் மாறியதைக் கவனிக்காமல் இந்திய நேரம் 3.30 என்று தவறாகக் குறித்துவிட்டேன். இந்த வேலையில் எனக்கு இப்போதும் விருப்பம் உண்டு. வரும் திங்கள் அல்லது செவ்வாய், உங்கள் நேரம் காலை 9 முதல் 12 வரை, அதாவது இந்திய நேரம் பகல் 1.30 முதல் மாலை 4.30 வரை, எப்போது அழைத்தாலும் தயாராக இருப்பேன்.'

நான்கு பத்துக்கு அனுப்பினாள். முற்றத்தில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். அவளுடைய இரண்டு வெள்ளை யூனிபார்மும் அதில் இருந்தன. ஐந்து இருபத்தைந்துக்கு, இரண்டே வரியில் பதில் வந்தது. தெளிவாக எழுதியதற்கு நன்றி, செவ்வாய்க்கிழமை 9.40. அதோடு புதிய அழைப்பு.

போன் 2.10 என்று காட்டியது. 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் மனத்துக்குள் மட்டும் கூட்டிப் பார்த்தேன், நாலரை சேர்த்து.

செவ்வாயன்று அந்த அறைக்கதவு இருபத்தாறு நிமிடம் சாத்தியிருந்தது. எட்டாம் நாள் வேலைக் கடிதம் வந்தது.