பத்தியம் முறித்த நாள்

என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் ஒரு வெங்காயக் கமிஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். அப்போது மதுவிலக்கு. சாராயக் கடைகளைச் சர்க்கார் மூடியிருந்தது, சாராயம் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தது. தினமும் குடித்தார். தள்ளாட மாட்டார், என்னை அடிக்க மாட்டார். அதனால் அவரைக் குடிகாரர் என்று யாரும் சொல்லவில்லை.

வயிறு கனமாக இருக்கிறது என்று ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்.

“ஈரல் பெருத்திருக்கு. கொழுப்பு படிஞ்சிருக்கும். இப்பவே குடியை விட்டா பழையபடி ஆயிரும்.”

வெளியே வந்ததும் இவர் சிரித்தார். “எனக்கு வலிக்கவா செய்யுது?” வலிக்காத நோயை யார் மதிக்கிறார்கள்?

சில வருடம் கழித்துக் கண் மஞ்சளித்தது. காய்ச்சல், சோற்றைக் கண்டாலே குமட்டல், தொட்டால் விலாவுக்குக் கீழே வலி. அதே டாக்டர் இந்த முறை என்னைப் பார்த்துப் பேசினார். “ஈரல் வீங்கிப் புண்ணாப் போச்சும்மா. குடியாலதான். மஞ்சள் இறங்கினாலும் உள்ள தழும்பு விழுந்திருக்கும். இனி ஒரு சொட்டு ஆகாது. குடிச்சா ஈரல் சுருங்கி இறுகிப்போகும், பிறகு என் கையில இல்ல.”

வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தோம். உப்பில்லாத பத்தியம். பத்தியத்தில் சாராயமும் கூடாது என்பதால் அவரும் அடங்கிக் கிடந்தார். மெல்லக் கண் வெளுத்தது. குடிக்காமல் இருந்ததற்குச் சேர வேண்டிய பேரையெல்லாம் பச்சிலை வாங்கிக்கொண்டது.

தலைக்கு ஊற்றி, கோழி அடித்துப் பத்தியம் முறித்தோம். சித்தையன்கோட்டையிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார், கையில் துணி சுற்றிய பாட்டிலோடு.

“டாக்டர் ஆகாதுன்னாரு, அத்தான்” என்றேன்.

“டாக்டரா காமாலையை இறக்குனாரு? நோய்தான் போயிருச்சே. கொஞ்சம் உள்ள போனாத்தான் கறி செரிக்கும்.”

விருந்துக்கு வந்த ஊரே சிரித்தது. இவர் குடித்தார். மறுநாளும் குடித்தார்.

அடுத்த வருடமே கால் வீங்கியது. கை குச்சியாக, வயிறு மட்டும் பானையாக. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள், மறுபடி ஊறியது. ஒரு விடியலில் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஈரல் இறுகி இரத்தம் போக வழியில்லாமல் உணவுக்குழாயில் இரத்த நாளம் புடைத்து வெடித்துவிட்டது என்றார் டாக்டர். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். அண்ணன் அதே மாதிரி ஒரு பாட்டிலை இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

“அவரு இன்னும் பத்தியத்துல இருக்காரு அத்தான். இந்தத் தடவை முறிக்க வேண்டாம்.”